வானொலி மருத்துவப் பேச்சைப் பிரித்தெழுத மூன்று வழிகள்: எழுத்தாக்கமா, நேரடி அட்டவணையா, இருவர் கேட்பா?

பெரும்போக விதைப்புக்கு முன்னால் படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டைகளிலும் எலிக்காய்ச்சல் பற்றிய பேச்சுகள் வானொலியில் அடிக்கடி போகும். ஊர்ச் சங்கத்தில் ஒருவர் அதைப் போனில் பதிந்து வைத்திருப்பார். அதை வைத்து விவசாயிகளுக்கு ஒரு பக்க நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று முடிவாகும். அப்போதுதான் சிக்கல் வருகிறது: ஒலிப்பதிவை முழுவதும் எழுதிவிட்டுப் பிரிப்பதா, கேட்கக் கேட்க அட்டவணையில் போட்டுக்கொண்டே போவதா, இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுவதா? வாசகர்கள் பலர் கேட்பது இதைத்தான்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் கையில் இருக்க வேண்டியவை மூன்று. வைத்தியர் உண்மை என்று சொன்னவை கூற்றுகள். செய்யச் சொன்னவை அறிவுரைகள். செய்யக்கூடாது, அல்லது இப்படி ஆனால் ஆபத்து என்று சொன்னவை எச்சரிக்கைகள். இவற்றோடு நாலாவதாக ஒன்று உண்டு, அதுதான் பெரும்பாலும் தொலைந்து போவது: வைத்தியர் எந்தக் கூற்றை முழு உறுதியோடு சொன்னார், எதைக் கொஞ்சம் இடம் விட்டுச் சொன்னார் என்பது. "ஓரளவுக்கு", "பெரும்பாலும்", "ஆய்வுகள் சொல்லுது", "இருக்கலாம்" போன்றவற்றை இங்கே இடம் விட்ட சொல் என்று குறிக்கிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நாலு கேள்விகள் போதும். முதலாவது, இடம் விட்ட சொல் தப்பிப் பிழைக்குமா? மற்ற மூன்றும் இதற்குப் பிறகுதான். "ஓரளவு பாதுகாப்பு" என்றது நோட்டீசில் "பாதுகாப்பு" என்று வந்தால், குளிசை போட்ட துணிவில் காயத்தோடு வயலுக்குள் இறங்குகிறவர் ஒருவராவது இருப்பார்.

இரண்டாவது, யாருடைய சொல் என்று தெரியுமா? வானொலியில் வைத்தியர் தனியே பேசுவது குறைவு. அறிவிப்பாளர் கேட்பார், சுருக்கிச் சொல்வார், சில நேரம் வைத்தியர் சொல்லாததையும் சொல்வார்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவின் அதே இடத்துக்கு அரை நிமிடத்துக்குள் திரும்பிப் போக முடியுமா? நாலாவது, எத்தனை மணித்தியாலம், எத்தனை ஆள்?

## ஒப்பிட எடுத்துக்கொண்ட துண்டு

மூன்று வழிகளையும் ஒரே துண்டில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காக நாமே அமைத்த மாதிரி. எந்த வைத்தியரின் பேச்சும் அல்ல. 22 நிமிட நிகழ்ச்சி ஒன்றின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> 06:10 அறிவிப்பாளர்: வயலுக்கு இறங்குற எல்லாரும் குளிசை எடுக்கலாமா டொக்டர்?
>
> 06:16 வைத்தியர்: இப்ப இந்த டொக்சிசைக்கிளின் குளிசை இருக்குத்தானே, அது வயல் வேலைக்கு முன்னம் எடுத்தா ஓரளவுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் எண்டுதான் ஆய்வுகள் சொல்லுது. முழுக்கத் தடுக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். கிழமைக்கு ஒருக்கா, இருநூறு மில்லிகிராம். ஆனா எம்.ஓ.எச். ஒஃபிஸ்ல கேட்டுத்தான் எடுக்கணும். கர்ப்பிணித் தாய்மார், சின்னப் பிள்ளைகள் எடுக்கக்கூடாது.
>
> 06:48 அறிவிப்பாளர்: அப்ப கிழமைக்கு ஒருக்கா குளிசை போட்டா எலிக்காய்ச்சல் வராது.
>
> 06:52 வைத்தியர்: ம்… காலில காயம் இருந்தா அதக் கட்டிப்போட்டுத்தான் இறங்கணும். காயத்துக்குள்ளாலதான் கிருமி போறது, பெரும்பாலும். கண், மூக்கு, வாய் வழியாவும் போகலாம்.
>
> 07:15 வைத்தியர்: காய்ச்சலோட கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு இருந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், டெங்குவாவும் இருக்கலாம். ரெண்டு நாள் பாத்திட்டுப் போவம் எண்டு இருக்கக்கூடாது. வயலுக்கு இறங்கினனான் எண்டு டொக்டரிட்டச் சொல்லணும். சலம் குறைஞ்சா உடன ஆஸ்பத்திரிக்குப் போகணும்.
>
> 11:40 வைத்தியர்: முன்னம் குளிசையப் பத்திச் சொன்னன், ஒண்டு விட்டுட்டன். பாலோட, இரும்புச்சத்துக் குளிசையோட சேத்து எடுத்தா மருந்து உடம்பில சரியாச் சேராது. நிறையத் தண்ணியோட எடுத்திட்டு, உடன படுக்கக்கூடாது.

இரண்டு நிமிடமும் ஆகாத பேச்சு. ஆனால் இதற்குள் நாலு பொறி இருக்கிறது: வினைக்குப் பின்னால் வந்த "பெரும்பாலும்", அறிவிப்பாளரின் "வராது", "-லாம்" என்ற விகுதி, ஐந்து நிமிடம் கழித்து வந்த திருத்தம்.

## வழி 1: முழுவதும் எழுதிவிட்டுப் பிரித்தல்

ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறீர்கள். பிறகு அந்தத் தாளில் மூன்று நிறப் பேனாவால் கூற்று, அறிவுரை, எச்சரிக்கை என்று கோடிட்டு, இடம் விட்ட சொற்களை வட்டமிடுகிறீர்கள்.

இதன் பலம், முழுப் பேச்சும் கண் முன்னால் கிடப்பது. 06:16இல் சொன்ன குளிசையையும் 11:40இல் வந்த திருத்தத்தையும் அம்புக்குறி போட்டு இணைத்துவிடலாம். கேட்டுக்கொண்டே போகிறவருக்கு 11:40 வரும்போது 06:16 மறந்திருக்கும். தாளில் எதுவும் மறக்காது.

நேரச் செலவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 22 நிமிடப் பேச்சை எழுத இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும், தமிழில் வேகமாகத் தட்டத் தெரியாதவருக்கு மூன்று. ஆனால் மறைந்திருக்கும் செலவு வேறு. நம்மில் எவரும் பேச்சை எழுத உட்கார்ந்தால் கை தானாகவே எழுத்துத் தமிழுக்கு மாறிவிடும். "ஓரளவுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் எண்டுதான் ஆய்வுகள் சொல்லுது" என்பது "ஆய்வுகளின்படி இது பாதுகாப்பு அளிக்கும்" என்று வந்து நிற்கும். எழுதியவர் ஒரு பிழையும் விடவில்லை என்றே நினைப்பார். ஆனால் "ஓரளவுக்கு" போய்விட்டது. "எண்டுதான்" என்பதில் இருந்த ஒதுக்கமும் போய்விட்டது. பேச்சுத் தமிழில் தயக்கம் உட்கார்ந்திருப்பது "எண்டு", "போல", "தான்", "தானே" போன்ற சின்னச் சொற்களில். எழுத்துத் தமிழாக்கும்போது அழகுக்காக முதலில் வெட்டப்படுவதும் அவைதான்.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டாய விதி: பேச்சு எப்படி வந்ததோ அப்படியே எழுதுங்கள். "சொல்லுது" என்றால் "சொல்லுது". திருத்திய தமிழ் நோட்டீசுக்கு, அடுத்த கட்டத்தில்.

இன்னொரு செலவும் உண்டு. 06:52இல் வந்த "ம்…" தாளில் ஓர் எழுத்தும் மூன்று புள்ளியும்தான். காதில் கேட்டால் அது ஆமோதிப்பா, அடுத்த விஷயத்துக்குத் தாவுவதற்கான மூச்சா என்று ஓரளவு பிடிபடும். தாளை மட்டும் பார்த்துப் பிரிக்கிறவர் அதை "ஆம்" என்று எடுத்துக்கொள்வார். எழுதும்போதே "(இழுத்து, கீழ்க்குரலில்)" என்று அடைப்புக்குள் குறித்துவிட்டால் இந்தச் செலவு பாதியாகும்.

இந்த வழி பொருந்துவது: அதே பேச்சை மறுபடி மறுபடி பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், அல்லது அம்பாறை மாவட்டத்தில் பல இடங்களில் தேவைப்படுவதுபோல நோட்டீஸ் சிங்களத்திலும் போகவேண்டும் என்றால். மொழிபெயர்ப்பவர் உங்கள் ஒலிப்பதிவைக் கேட்கப் போவதில்லை. கையில் கொடுத்த தாளில் "ஓரளவுக்கு" இல்லை என்றால் சிங்களத்திலும் அது இருக்காது.

## வழி 2: கேட்டபடியே அட்டவணையில் இறக்குதல்

முழு எழுத்தாக்கம் இல்லை. ஐந்து நிரல் உள்ள ஒரு தாள்: நேரம், யார், வகை, சொன்னது, இடம் விட்ட சொல். முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுவதையும் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது தடவை முப்பது முப்பது நொடியாக நிறுத்தி எழுத வேண்டும். ஒவ்வொரு முறை மீண்டும் ஓடவிடும்போதும் ஐந்து நொடி பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

அந்த ஐந்து நொடி சும்மா சொன்னது அல்ல. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பேச்சில் அந்த வினைக்கும் பின்னால் ஒரு சொல் ஒட்டி வரும். "காயத்துக்குள்ளாலதான் கிருமி போறது" என்றதும் வாக்கியம் முடிந்ததாகக் காது நினைத்துவிடும், கை எழுதத் தொடங்கிவிடும். "பெரும்பாலும்" வரும்போது நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் தாளில் இருப்பது "காயத்தின் வழியாக மட்டுமே கிருமி போகும்". வைத்தியர் சொன்னது இதற்கு நேரெதிர் என்றே சொல்லலாம், ஏனென்றால் அடுத்த மூச்சிலேயே கண், மூக்கு, வாய் என்கிறார்.

கணினி இருந்தால் வி.எல்.சி.யில் `[` விசையை அழுத்தினால் பேச்சு மெதுவாகும், `]` அழுத்தினால் வேகமாகும். ஒலி திருத்தும் மென்பொருளான ஓடாசிட்டி இன்னும் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போதே `Ctrl+M` அழுத்தினால் அந்த நொடியில் ஒரு குறிப்புச் சீட்டு விழும், அதில் தமிழில் தட்டலாம். ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து `Ctrl+B` அழுத்தினால் சீட்டு அந்தப் பகுதி முழுவதற்கும் பொருந்தும். குறிப்புச் சீட்டுகளை ஏற்றுமதி செய்தால் தொடக்கம், முடிவு, குறிப்பு என்று இப்படி ஒரு எழுத்துக் கோப்பு கிடைக்கும்:

```
376.000000	392.000000	கூற்று | ஓரளவுக்கு, எண்டுதான் ஆய்வுகள்
408.000000	412.000000	அறிவிப்பாளர் | வராது
```

எண்கள் நொடிக் கணக்கு. 376 என்றால் 06:16. மூன்றாவது கேள்வியில், அதாவது அதே இடத்துக்குத் திரும்பிப் போவதில், இந்த வழியை மற்ற இரண்டும் நெருங்காது.

நேரமும் குறைவு: 22 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். ஆனால் மறைந்த செலவு பெரிது. விட்டது எது என்பதற்குத் தடயமே இருக்காது. எழுத்தாக்கத்தில் ஒரு வரி விடுபட்டால் வேறொருவர் தாளையும் ஒலியையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். அட்டவணையில் 11:40 வராவிட்டால், "பாலோடு எடுக்கக்கூடாது" என்ற எச்சரிக்கை அந்தப் பேச்சில் இருந்ததே எவருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்றால் அவரும் 22 நிமிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது செலவு, விஷயம் தெரிந்தவர் செய்தால் வருவது. இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். எலிக்காய்ச்சல் பற்றி ஒன்றும் தெரியாதவர் சொற்களை விடுவார், தெரிந்தவர் சேர்ப்பார். சுகாதாரத்துறையில் வேலை செய்கிற ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வைத்தியர் சொல்லாத "எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்" என்ற வரம்பு அவர் தாளில் வந்துவிடும். வைத்தியர் சொன்னது "சின்னப் பிள்ளைகள்", அவ்வளவுதான். எட்டு வயது என்பது பழக்கத்தில் உள்ள வரம்புதான், பிழை அல்ல. ஆனால் இந்தப் பேச்சிலிருந்து எடுத்தது என்று அதை எழுதினால் அது பொய்.

இந்த வழி பொருந்துவது: வைத்தியர் தனியே, தயாரித்துக்கொண்டு பேசிய பத்து நிமிடத்துக்குள்ளான பேச்சுக்கு. நாளைக்கே நோட்டீஸ் வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை.

## வழி 3: இருவர் தனித்தனியே கேட்டு ஒப்பிடுதல்

இரண்டு பேரும் வழி 2ஐச் செய்கிறார்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். பிறகு உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். எல்லா நிரலையும் ஒப்பிட்டால் விடிந்துவிடும். வகையையும் இடம் விட்ட சொல்லையும் ஒப்பிட்டால் போதும்.

மாதிரித் துண்டில் இருவரும் எங்கே முரண்படுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். "போகலாம்", "இருக்கலாம்" என்ற இரண்டு இடங்களில். தமிழில் "-லாம்" மூன்று வேலை செய்கிறது. "குளிக்கலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் ஐயம். "இந்த வழியாலும் போகலாம்" என்றால் இயலும், அப்படி ஒரு பாதை இருக்கிறது என்ற செய்தி. "கண், மூக்கு, வாய் வழியாவும் போகலாம்" என்பதில் வைத்தியருக்கு ஐயம் ஏதும் இல்லை, அது தெரிந்த பாதைதான். இது உறுதியான கூற்று. "எலிக்காய்ச்சலா இருக்கலாம், டெங்குவாவும் இருக்கலாம்" என்பதில்தான் உண்மையான ஐயம் இருக்கிறது. அந்த ஐயமே அவர் சொல்ல வந்த செய்தியும்கூட: அறிகுறியை வைத்து வீட்டிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. "-லாம்" இருக்கும் இடத்தில் "தடையில்லை" போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அது அனுமதி, அறிவுரையில் போடுங்கள். பொருந்தாவிட்டால் முன்னால் "ஒருவேளை" சேர்த்துப் பாருங்கள். "ஒருவேளை எலிக்காய்ச்சலா இருக்கலாம்" இயல்பாக வருகிறது, ஆகவே ஐயம். "ஒருவேளை கண் வழியாவும் போகலாம்" என்றால் வைத்தியர் சொன்னதன் பொருளே மாறுகிறது, ஆகவே இயலும். இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைகொடுக்காத இடத்தில்தான் இரண்டாவது ஆள் வேண்டும்.

முரண்பாட்டை வாக்கெடுத்துத் தீர்க்கக்கூடாது. அந்த நொடிக்குப் போய் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் இடம் விட்டது என்றே குறிக்க வேண்டும். உறுதியாகச் சொன்ன கூற்றைத் தவறுதலாக "பெரும்பாலும்" என்று எழுதினால் வரும் கேடு சிறிது. மாறாகச் செய்தால் பெரிது. ஆனால் இந்த விதி கூற்றுகளுக்கு மட்டும்தான். எச்சரிக்கைகளில் அப்படியே தலைகீழ். "கர்ப்பிணித் தாய்மார் எடுக்கக்கூடாது" என்பதை "எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது" என்று மென்மையாக்குவதும் திரிப்புத்தான். நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு "கூடாது" என்ற சொல் மரியாதைக் குறைவாகத் தோன்றும்போலும், அதை அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.

செலவு: ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம், ஒப்பிட முக்கால் மணித்தியாலம். மறைந்த செலவு, இருவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் இந்த உழைப்பு அத்தனையும் வீண். இருவரும் தாதியர் என்றால் இருவரும் ஒரே விஷயத்தைத் தங்கள் அறிவிலிருந்து சேர்ப்பார்கள், முரண்பாடே வராது, வராததால் சரி என்று நினைப்பார்கள். ஒருவர் விஷயம் தெரிந்தவர், மற்றவர் வயல் செய்கிறவர் அல்லது உயர்தரம் படிக்கிற பிள்ளை. அந்தச் சோடிதான் வேலை செய்யும்.

இந்த வழி பொருந்துவது: மருந்தின் பெயர், அளவு, யார் எடுக்கக்கூடாது என்பன வரும் பேச்சுக்கு. எங்கள் மாதிரித் துண்டு அப்படிப்பட்டதுதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழு எழுத்தாக்கம் | நேரடி அட்டவணை | இருவர் கேட்பு |
|---|---|---|---|
| இடம் விட்ட சொல் | பேச்சுத் தமிழிலேயே எழுதினால் தப்பும், மாற்றினால் போகும் | வினைக்குப் பின்னால் வருவது போகும் | பெரும்பாலும் தப்பும் |
| யாருடைய சொல் | தெளிவு, ஆனால் "ம்…" புரியாது | எழுதுபவரின் கவனத்தைப் பொறுத்தது | முரண்பாட்டில் வெளிவரும் |
| இடத்துக்குத் திரும்புதல் | நேரம் குறித்தால் மட்டும் | மிக எளிது | எளிது |
| 22 நிமிடத்துக்கு உழைப்பு | 3 முதல் 4 மணித்தியாலம், ஒருவர் | 1½ மணித்தியாலம், ஒருவர் | இருவருக்கும் சேர்த்து 4½ மணித்தியாலம் வரை |
| பிந்தி வந்த திருத்தம் | இணைக்கலாம் | நழுவும் | ஒருவராவது பிடிக்க வாய்ப்பு |

எங்கள் தெரிவு இதில் எதுவும் தனியே அல்ல. அறிவிப்பாளரோடு நடந்த, மருந்து வருகிற பேச்சு என்றால் முதலில் ஒருவர் வழி 2இல் முழுவதையும் இறக்கட்டும். பிறகு இடம் விட்ட சொல் விழுந்த இடங்களையும், எச்சரிக்கைகளையும், அறிவிப்பாளர் சுருக்கிச் சொன்ன இடங்களையும் மட்டும் முன்னும் பின்னும் இருபது நொடி சேர்த்துச் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். அந்தத் துண்டுகளை மட்டும் இரண்டாவது ஆள் கேட்கட்டும். எல்லாமாக இரண்டரை மணித்தியாலத்துக்குள் முடியும். இதில் ஒரு ஓட்டை உண்டு: முதலாமவர் ஓர் இடத்தைக் குறிக்காமலே விட்டால் இரண்டாமவரும் அதைக் கேட்கமாட்டார். அதனால் இரண்டாமவர் முழு நிகழ்ச்சியையும் ஒரு தடவை, எழுதாமல், சாதாரண வேகத்தில் கேட்டுவிட வேண்டும். வேலைக்கு நடுவிலும் கேட்கலாம், 22 நிமிடம்தானே.

## அந்த "ஓரளவுக்கு" ஏன் அவ்வளவு முக்கியம்

சிலர் கேட்பார்கள்: வைத்தியர்கள் எதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள், அது அவர்களின் பழக்கம், அதை ஏன் இவ்வளவு தூக்கிப்பிடிக்க வேண்டும்? சில இடத்தில் அது வெறும் பழக்கம்தான். இங்கே அப்படி இல்லை.

டொக்சிசைக்கிளின் குளிசை எலிக்காய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1984இல் வெளியான ஓர் ஆய்வு. பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினர் 940 பேர். கிழமைக்கு 200 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஒருவருக்கு நோய் வந்தது, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு வந்தது. கேட்டால் "தடுக்கும்" என்றே எழுதத் தோன்றும். ஆனால் அவர்கள் சில கிழமை பயிற்சிக்குப் போன திடகாத்திரமான இளைஞர்கள். போகம் முழுக்கச் சேற்றில் நிற்கிற, நடுவில் குளிசையை மறக்கிற விவசாயி அல்ல. பின்னர் பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அதே உறுதிக்கு வரவில்லை. ஆகவே வைத்தியரின் "ஓரளவுக்கு" கூச்சத்தில் வந்த சொல் அல்ல, அதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

இதை எல்லாம் உங்கள் அட்டவணையில் எழுதக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பேச்சில் வராத ஆய்வு அட்டவணையில் வரக்கூடாது. "ஓரளவுக்கு" என்ற சொல்லை அப்படியே வைத்தாலே போதும்.

அதே காரணத்தால் இடம் விட்ட சொல்லுக்கு நூற்றுக்கு இத்தனை என்று எண் கொடுக்கும் முறையையும் நாங்கள் ஒதுக்குகிறோம். "பெரும்பாலும்" என்றால் எண்பதா தொண்ணூறா என்று வைத்தியர் சொல்லவில்லை. சொல்லையே நிரலில் வைத்துவிட்டால் வாசிக்கிறவர் தானே எடைபோடுவார்.

## மாதிரித் துண்டு, பிரித்த பிறகு

| நேரம் | வகை | சொன்னது | இடம் விட்ட சொல் |
|---|---|---|---|
| 06:16 | கூற்று | வயல் வேலைக்கு முன் எடுக்கும் டொக்சிசைக்கிளின் பாதுகாப்புத் தரும் | ஓரளவுக்கு. எண்டுதான் ஆய்வுகள் சொல்லுது. முழுக்கத் தடுக்கும் எண்டு சொல்லமாட்டன் |
| 06:16 | அறிவுரை | எம்.ஓ.எச். பணிமனையில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை 200 மி.கி. | இல்லை |
| 06:16 | எச்சரிக்கை | கர்ப்பிணித் தாய்மார், சின்னப் பிள்ளைகள் எடுக்கக்கூடாது | இல்லை |
| 06:48 | அறிவிப்பாளர் சொன்னது | குளிசை போட்டால் வராது | வைத்தியர் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லவில்லை, "ம்…" |
| 06:52 | அறிவுரை | காயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும் | இல்லை |
| 06:52 | கூற்று | கிருமி காயத்தின் வழியாகப் போகிறது | பெரும்பாலும் |
| 06:52 | கூற்று | கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும் | இல்லை ("-லாம்" = இயலும்) |
| 07:15 | கூற்று | காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு: எலிக்காய்ச்சல் அல்லது டெங்கு | இருக்கலாம், இரண்டுக்கும் |
| 07:15 | அறிவுரை | வயலுக்கு இறங்கியதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் | இல்லை |
| 07:15 | எச்சரிக்கை | இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. சலம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி | இல்லை |
| 11:40 | எச்சரிக்கை (06:16உடன் சேர்க்க) | பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் எடுத்தால் மருந்து சரியாகச் சேராது. நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். உடனே படுக்கக்கூடாது | இல்லை |

06:16இன் இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அளவை மட்டும் தனி வரியாக எழுதுவது எளிது, அழகாகவும் இருக்கும். ஆனால் "எம்.ஓ.எச். பணிமனையில் கேட்டுத்தான்" என்ற நிபந்தனையையும் அளவையும் ஒரே கட்டத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். நோட்டீஸ் அமைக்கிறவர் இடமில்லை என்று வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். நிபந்தனை இல்லாத அளவு நோட்டீசில் நின்றால் அதை எடுத்துக்கொண்டு நேரே பார்மசிக்குத்தான் போவார்கள்.

நோட்டீஸ் வரி இப்படி வரும்: "வயல் வேலைக்கு முன் எடுக்கும் குளிசை எலிக்காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும், முழுமையாகத் தடுக்காது. யார் எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்பதை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்." 06:48இன் வரி நோட்டீசுக்குப் போகாது, ஆனால் அட்டவணையிலிருந்து அழிக்கவும் கூடாது. நிகழ்ச்சியைக் கேட்ட யாராவது "டொக்டர்தானே வராது எண்டவர்" என்று வந்தால், யார் சொன்னது என்று அந்த நொடியை ஓடவிட்டுக் காட்ட அதுதான் இருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முழு நோட்டீசையும் கொடுத்து "சரியா?" என்று கேட்டால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்பார். அட்டவணையில் இடம் விட்ட சொல் விழுந்த கூற்றுகள் மூன்றுதான். அவற்றை மட்டும் வாசித்துக் காட்டி, "இந்த இடத்தில 'ஓரளவு' எண்டு விடுறதா, எடுக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அதே கட்டத்தில், வேறு நிறத்தில், திகதியோடு எழுதுங்கள்.